மூணு சாமிக்கு முந்தி

ஆனந்திக்காவிடம் இந்த வேலைக்கு எப்போது வந்தீர்கள் என்று கேட்டால் வருஷத்தைச் சொல்ல மாட்டார். "ஜீவிதா அப்பா லாரி ஷெட்டுல கைய முறிச்சுக்கிட்டாகள்ல, அதுக்கு முந்துன தீவாளி" என்பார். ஜீவிதா அவர் மகள். அவள் அப்பா கையை எப்போது முறித்துக்கொண்டார் என்பதை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை தேதிகளோடு மல்லுக்கட்டுவது. திண்டுக்கல் நாகல் நகரில், பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துபோன டி.டி.பி. கடை ஒன்றில் இருபத்தொன்பது வருஷமாகத் தட்டச்சு செய்கிறார். தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து டவுன் பஸ்ஸில் காலை ஒன்பதரைக்கு வந்து இறங்குவார். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் முதலில் கிழமையைத்தான் கேட்பார். பிறகு தமிழ்த் தேதி, பிறகு இங்கிலீஷ் தேதி. மூன்றும் சுவரில் தொங்கும் காலண்டரோடு ஒத்துப்போனால்தான் மாப்பிள்ளை பெயருக்கே வருவார்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு பத்திரிகையில் இருபத்தி நாலு என்பது பதினாலு ஆகிவிட்டது. ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு உறவு முப்பது பேர் வேன் பிடித்துக்கொண்டு பத்து நாள் முன்னதாகவே போய் இறங்கினார்கள். பெண் வீட்டில் அப்போதுதான் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்களாம். பக்கத்துக் கடையில் பைண்டிங் வேலை பார்க்கும் காதர் பீவி இந்தக் கதையை மாதம் ஒரு முறையாவது யாருக்காவது சொல்லுவார். அறுபது வயதுக்காரர், ஆனந்திக்காவைக் கிண்டல் செய்யும் உரிமை தனக்கு மட்டும்தான் உண்டு என்று நினைப்பவர். ஆனந்திக்கா சிரிப்பார். ஆனாலும் அவர் கை விசைப்பலகையில் அரை வினாடி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அங்கே போய் உட்கார்ந்தது 2024 மே மாதம். டப்ளினில் இருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தேன். வந்த காரணம், என் பெரியப்பா பொன்னுத்துரை எழுதிய ஏழு நாவல்கள். வேளாண்மை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, செங்குளம் என்ற கற்பனை ஊரைப் பற்றி 1996இலிருந்து 2009 வரை ஏழு பாகம் எழுதினார். ஏழையும் தட்டச்சு செய்தவர் ஆனந்திக்கா. ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் கீழே சின்ன எழுத்தில் 'ஒளியச்சு: சி. ஆனந்தி' என்று இருக்கும். பெரியப்பா இறந்து இரண்டு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லாததால் உரிமையை எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். இப்போது சென்னைப் பதிப்பகம் ஒன்று ஏழையும் சேர்த்து ஒரே தொகுதியாகப் போடுகிறது. முன்னால் ஒரு கால அட்டவணை வரும்: எந்த வருஷம் என்ன நடந்தது, அது எந்தப் பாகத்தில் இருக்கிறது.

அந்த அட்டவணையைப் போட்டவர் பதிப்பாசிரியர் சிவபிரகாஷ். விடுப்பின் கடைசி வாரத் தொடக்கத்தில் அவரிடமிருந்து ஃபோன்.

"மேடம், அஞ்சாம் பாகத்துல ஒரு செத்த ஆள் நடமாடுறார்."

"யாரு?"

"வீரணன். மூணாம் பாகத்துல வெள்ளத்துல போயிட்டார் இல்லையா? அஞ்சாம் பாகத்துல அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு தங்கச்சி பிள்ளைய தோள்ல தூக்கிட்டுத் திருவிழா பாக்குறார்."

அழகம்மா கதையின் நாயகி. வீரணன் அவள் அண்ணன். செல்வி அவள் மகள். ஏழு பாகமும் இந்த மூன்று பேரைச் சுற்றித்தான். அண்ணனின் சாவு நடந்த பிறகு அண்ணன் வந்தால் கதையே நொண்டிவிடும்.

"தட்டச்சுல தப்பு வந்திருக்கும் மேடம். ஒரே ஒரு வார்த்தைதான். எத்தனை திருவிழாவுக்கு முந்தின்னு வர்ற இடத்துல 'மூணு'ங்கிறதை 'நாலு'ன்னு மாத்திட்டா எல்லாம் சரியா உக்காந்துரும். முன்னுரையில 'முதல் பதிப்பின் தட்டச்சுப் பிழை திருத்தப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டுர்றேன். சனிக்கிழமைக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க, அச்சுக்குப் போயிரும்."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை விமானம். சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் எதற்கும் ஒரு தடவை தட்டச்சு செய்தவரைக் கேட்டுவிடலாமே என்று தோன்றியது. எதையும் இரண்டு தடவை பூட்டிப் பார்க்கிற சுபாவம் எனக்கு. கேட்டிருக்க வேண்டாமோ என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஆனந்திக்கா முகம் சுருங்கிவிட்டது.

"தட்டச்சுப் பிழைன்னு புத்தகத்துலயே போடப் போறாகளா?"

"பேரெல்லாம் போட மாட்டாங்கக்கா."

"என் பேருதான் ஏழு புத்தகத்துலயும் இருக்கே பாப்பா. வேற யாரு அடிச்சா?"

நான் ஐந்தாம் பாகத்தின் உள்பக்கத்தைத் திருப்பினேன்.

"நான் மூணுன்னுதான் அடிச்சேன். சார் மூணுன்னுதான் எழுதியிருந்தாக" என்றார். பிறகு, "அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றார்.

கையெழுத்துப் பிரதி இல்லை. பெரியப்பாவின் சித்தையன்கோட்டை வீட்டில் கரையான் அரித்து, மிச்சத்தைப் பெரியம்மா பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டார். கணினிக் கோப்புகள் ஒரு குறுந்தகட்டில் இருந்தன. ஆனால் பழைய எழுத்துருவில் அடித்தவை. இப்போதைய கணினியில் திறந்தால் ஒரே கோணல் கோடுகளும் ஆச்சரியக்குறிகளும்தான். எனவே எந்தச் சொல்லையும் தேடிப் பிடிக்க முடியாது. ஏழு அச்சுப் புத்தகங்களையும் கையால் புரட்டித்தான் ஆக வேண்டும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல? பாத்துருவோம். தப்பு என்னுதுன்னா என்னுதுதான். ஆனா தெரிஞ்சுக்கிடணும்" என்றார் ஆனந்திக்கா.

முதல் நாள் நான் மடிக்கணினியில் ஒரு கட்டம் போட்டேன். முதல் பாகத்திலிருந்து வரிசையாக வருஷங்களை நிரப்பினேன். மத்தியானத்துக்குள் அழகம்மாவின் கல்யாணம் இரண்டு தடவை நடந்துவிட்டது: ஒன்று 1973இல், இன்னொன்று 1970இல்.

"இதென்ன, பிள்ளைக்கு ரெண்டு கல்யாணம் பண்ணி வச்சுட்ட?" என்று காதர் பீவி எட்டிப் பார்த்துக் கேட்டார். "அடுத்தது சீர் வரிசையா?"

ஆனந்திக்கா கட்டத்தைப் பார்த்தார். "எங்க இருந்து எழுபது வந்துச்சு?"

நான்காம் பாகத்தில் அழகம்மா, 'பத்து வருஷத்துக்கு முன்னால இந்த வீட்டு வாசல்ல கால் வச்சேன்' என்கிறாள். நான்காம் பாகம் செல்வியை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதில் தொடங்குகிறது, அது 1980. பத்தைக் கழித்தால் 1970.

"அவ எந்தப் பக்கத்துல சொல்றா?"

"நூத்திப் பன்னெண்டு."

"எண்பதாம் பக்கத்தப் பாரு."

பார்த்தேன். அத்தியாயத் தொடக்கத்தில் ஒற்றை வரி: 'மூன்று மழைக்காலம் போனது.' அதாவது பாதியில் கதை மூன்று வருஷம் தாவிவிட்டது. அழகம்மா பேசுவது 1983இல். பத்தைக் கழித்தால் 1973. இரண்டாம் பாகத்தில் அச்சடித்தபடியே வரும் கல்யாணப் பத்திரிகையிலும் 1973 ஆவணிதான்.

"புத்தகம் எந்த வருஷத்துல ஆரம்பிக்குதுன்னு பாக்காத. வாயத் தொறக்குறவ எந்த வருஷத்துல நின்னுக்கிட்டுத் தொறக்குறான்னு பாரு" என்றார் ஆனந்திக்கா. "முன்னாடி பின்னாடி எல்லாம் அங்கன இருந்துதான்."

மறுநாள் மடிக்கணினி பையைவிட்டு வெளியே வரவில்லை. பைண்டிங்கில் ஓரம் வெட்டிய நீளக் காகிதத் துண்டுகளைக் காதர் பீவி ஒரு கட்டு கொடுத்தார். ஒரு துண்டுக்கு ஒரு நிகழ்ச்சி. மேலே பாகம், பக்கம். புத்தகமே வருஷம் சொன்னால் பேனாவில் எழுதுவது. ஊர் உலகத்துக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை வைத்து வருஷம் கண்டுபிடித்தால் அதுவும் பேனா. 'அஞ்சு வருஷம் கழித்து', 'போன தடவை', 'செல்வி மூணாங்கிளாஸ்' என்று இன்னொன்றில் சாய்ந்து நிற்பதெல்லாம் பென்சில். பேனாத் துண்டுகளை மேசையில் முதலில் அடுக்கிவிட்டு, பென்சில் துண்டுகளை அவற்றுக்கிடையே செருக வேண்டும். எந்தப் பேனாவோடும் சேராத பென்சில் ஓரமாக, டீ டம்ளருக்கடியில்.

வீரணனின் சாவு பேனா. மூன்றாம் பாகத்தில் வருஷமே கிடையாது. 'குடகனாற்று அணை உடைந்த வாரம்' என்று மட்டும் இருக்கும். சென்னைக்காரருக்கு அது தேடிப் பார்க்க வேண்டிய விஷயம். இங்கே கடைக்கு வந்த யாரைக் கேட்டாலும் எழுபத்தேழு என்றார்கள், ஒருத்தர் ஐப்பசிக் கடைசி என்றுகூடச் சொன்னார். 1977 நவம்பர்.

செல்வியின் பிறப்பில் நான் மறுபடி சறுக்கினேன். கல்யாணம் 1973 ஆவணி. பிள்ளை 'மறுவருஷம் மார்கழி பத்து'. மறுவருஷம் 1974, மார்கழி என்றால் ஜனவரி என்று எழுதினேன். அப்படியானால் பிள்ளை ஐந்து மாதத்தில் பிறந்திருக்க வேண்டும். மார்கழி பாதி டிசம்பரிலும் பாதி ஜனவரியிலும் கிடக்கிறது; பத்தாம் தேதி என்றால் டிசம்பர் இருபத்தைந்து. வருஷமும் சித்திரையில் மாறுகிறதே ஒழிய ஜனவரியில் அல்ல. செல்வி பிறந்தது 1974 டிசம்பர். இந்த மண்ணில் பத்தாவது வரை தமிழில் படித்தவள் நான். பதின்மூன்று வருஷம் வெளியே இருந்ததில் மார்கழி எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது.

பிறகு ஐந்தாம் பாகம்.

அந்தப் பாகம் ஒரு தபால் கார்டோடு தொடங்குகிறது, தேதி 15-5-1988. செவ்வாய்க்கிழமை ஊரில் சாமி சாட்டுகிறார்கள் என்று கார்டு சொல்கிறது. சாமி சாட்டுவது என்றால் மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்து ஊருக்குப் பறையடித்து அறிவிப்பது. செங்குளத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வைகாசியில் நடக்கும் என்று முதல் பாகத்திலேயே இருக்கிறது. அந்த 1988 திருவிழாக் கூட்டத்தில் நிற்கிற அழகம்மாவுக்குப் பழைய நினைவு வருகிறது: 'மூணு சாமிக்கு முந்தி இதே இடத்தில் அண்ணன் நின்றான். ரெண்டு நடக்கிற செல்வி அவன் தோளில் இருந்தாள்.'

மூணு சாமி என்றால் மூன்று திருவிழா, ஒவ்வொன்றுக்கும் மூன்று வருஷம், ஆக ஒன்பது. 1988இல் ஒன்பது போனால் 1979. வீரணன் செத்து ஒன்றரை வருஷம்.

"வயசப் போட்டுப் பாரு" என்றார் ஆனந்திக்கா.

இங்கே வயது சொல்வது நடக்கிற கணக்கில். அதே பக்கத்தில் 1988இல் செல்விக்குப் 'பதினாலு நடக்குது'. அதாவது பதின்மூன்று முடிந்திருக்கிறது. 1974 டிசம்பரோடு அது பொருந்துகிறது. தோளில் இருந்தபோது 'ரெண்டு நடக்கிற' பிள்ளை, ஒன்று முடிந்திருக்கிறது. பதினாலுக்கும் ரெண்டுக்கும் நடுவே பன்னிரண்டு வருஷம். அப்படியானால் அந்த நினைவு 1976 வைகாசி. வீரணன் உயிரோடு இருந்த காலம்.

பன்னிரண்டு வருஷம் என்றால் நாலு சாமி.

சிவபிரகாஷ் சொன்னது சரி. நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனந்திக்கா எழுந்துபோய்ப் பானைத் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு வந்தார்.

"அப்ப நாந்தான்."

"அக்கா, பெரியப்பாகூடத் தப்பா எழுதியிருக்கலாம்ல."

"சாரா? சார் பஞ்சாங்கத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதுறவுக. நாந்தான் பாப்பா. அந்த வருஷம் ஜீவிதாவுக்கு அம்மை. ராத்திரி தூக்கமில்லாம வந்து அடிச்சுக்கிட்டு இருந்தேன். திருத்தச் சொல்லிரு. அந்த வரியையும் போடச் சொல்லிரு. நடந்தது நடந்ததுதான" என்றார்.

அன்றைக்கு வியாழக்கிழமை. எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை, ஆனால் எது தப்பு என்றும் தெரியவில்லை. கையில் இருந்த கணக்கு பொருந்திவிட்டது. பொருந்திய பிறகும் எதையோ பார்க்காமல் விட்டதுபோல இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பி அரை மணி கழித்து அடுப்பை அணைத்தோமா என்று வருமே, அப்படி.

வெள்ளிக்கிழமை காலை நான் கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்யத்தான் கடைக்குப் போனேன். ஆனந்திக்கா அடுத்த வாரம் லீவு கேட்டு முதலாளிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஊரில் திருவிழா. காதர் பீவி வாசலில் நின்று பசை கிண்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"என்ன ஆனந்தி, மூஞ்சி மொத்தமா தொங்குது? ஊர்ல சாமி கும்புடுறப்ப எனக்குப் பலகாரம் வந்துரும்ல?"

"அதெல்லாம் வரும் பீவிக்கா."

"போன சாமிக்கு நீ குடுத்துவிட்ட அதிரசம் இன்னும் நாக்குல நிக்குது. அதுக்குள்ள மூணு வருஷம் ஓடிருச்சு பாரு."

"மூணா? நல்லாருக்கே!" ஆனந்திக்கா எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார். "ஆறு வருஷம் ஆச்சுக்கா. இடையில கொரோனால்ல? அந்த வருஷம் சாமியே சாட்டலையே. நீங்க தின்னது அதுக்கு முந்துனது."

"அட, ஆமாடி. ஆனா போன சாமிதான அது?"

"போன சாமிதான். சாட்டாதத எப்படி எண்ணுறது?"

சொல்லிவிட்டு ஆனந்திக்கா பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எனக்குப் புரிய இன்னும் அரை நிமிஷம் ஆனது.

நாங்கள் எண்ணியது வருஷத்தை மூன்றால் வகுத்து. சிவபிரகாஷ் செய்ததும் அதுதான். ஆனால் ஊரில் யாரும் அப்படி எண்ணுவதில்லை. நடந்த திருவிழாவை மட்டும்தான் எண்ணுவார்கள். நின்றுபோனது கணக்கிலேயே வராது. செங்குளத்தில் 1976க்கும் 1988க்கும் நடுவே ஒரே ஒரு திருவிழா நின்றுபோயிருந்தால் போதும். மூணு சாமிக்குப் பன்னிரண்டு வருஷம் வந்துவிடும். 'மூணு' சரி.

"அப்படி ஒண்ணு நின்னுச்சா? எங்க இருக்கு?" என்றேன்.

"இருக்கு." ஆனந்திக்கா எழுந்து நின்றுவிட்டார். "தாசில்தாரு கோயில் கதவுக்குப் பூட்டுப் போடுவாரு. நான் அடிச்சிருக்கேன். கரண்டு போயி, யூ.பி.எஸ்ஸும் செத்து, ரெண்டாந்தடவ அடிச்சேன். அதான் ஞாபகம். எந்தப் புத்தகம்னுதான் தெரியல."

ஆளுக்கு ஒரு புத்தகமாகப் புரட்டினோம். காதர் பீவியும் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தார். "பூட்டுன்னு கண்டா கூப்புடணும், அம்புட்டுத்தான?" நடுவில் பத்திரிகை அடிக்க ஒரு குடும்பம் வந்தது, ஆனந்திக்கா முதல் தடவையாகக் கிழமை கேட்காமல், "செத்த நேரம் உக்காருங்க" என்றார்.

அது ஆறாம் பாகத்தில் இருந்தது. ஐந்தாவது வந்தது 2003இல், இது மூன்று வருஷம் கழித்து வந்த புத்தகம். கதையோ அதற்கு முந்தின காலம், 1985. அதிலும் நேரடியாக இல்லை. 1985 திருவிழாவுக்கு முளைப்பாரி போடும்போது அழகம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் பழைய கதை சொல்கிறாள்: முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு வகையறாவுக்குள் அடிதடி, தாசில்தார் வந்து கோயிலைப் பூட்டினார், 'அந்தத் தடவை சாமி சாட்டவே இல்லை'. எந்தத் தடவை? வருஷம் இல்லை. நினைவுக்குள் ஒரு நினைவு. பென்சில் துண்டு.

"செல்வியப் பிடி" என்றார் ஆனந்திக்கா. "அவ எங்க நிக்கிறான்னு பாரு."

அடுத்த பத்தியில் செல்வி இருந்தாள். மூணாங்கிளாஸுக்குப் போகப் போகிற கோடை லீவில், பூட்டிய கதவின் துளை வழியாக எட்டிப் பார்க்கிறாள். ஒன்றாம் வகுப்பு 1980 ஜூன். இரண்டு 1981. மூன்று 1982 ஜூன். அதற்கு முந்தின லீவு என்றால் 1982 வைகாசி. முறைப்படி திருவிழா வர வேண்டிய அதே வருஷம்.

எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. தவறிய திருவிழாவை அடுத்த வருஷமே வைத்திருந்தால்? அப்போது வரிசையே ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

"வைக்க மாட்டாக. முறை தவறுனா அடுத்த முறைக்குத்தான். எங்கூர்லயும் அப்படித்தான்" என்றார். ஆனால் அவர் ஊர் வழக்கத்தைச் செங்குளத்துக்குப் பேனாவில் எழுத முடியாதே. இன்னும் இரண்டு பக்கம் படித்தோம். முளைப்பாரித் தட்டை எடுத்துவைத்துக்கொண்டே அழகம்மா சொல்கிறாள்: 'ஆறு வருஷமா ஆத்தா வாசலத் தாண்டல.' 1985இல் ஆறு போனால் 1979. நடுவில் எதுவும் இல்லை.

துண்டுகளை வரிசையாக வைத்தார் ஆனந்திக்கா. 1988இலிருந்து பின்னோக்கி விரலை வைத்து எண்ணினார். "எண்பத்தஞ்சு ஒண்ணு. எண்பத்திரெண்டு சாட்டல. எழுபத்தொம்பது ரெண்டு. எழுபத்தாறு மூணு." மூன்றாவது விரல் பட்ட இடத்தில் வீரணன் உயிரோடு நின்றான், தோளில் பிள்ளையோடு.

'நாலு' என்று திருத்தியிருந்தால் விரல் இன்னும் ஒன்று தள்ளிப் போய் 1973 வைகாசியில் விழுந்திருக்கும். அப்போது அழகம்மாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிறக்காத பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்துத் திருவிழா காட்டியிருப்போம், என் கையெழுத்தோடு.

சிவபிரகாஷைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் நான்கு தடவை "ஒரு நிமிஷம் மேடம்" என்றார். அப்புறம், "சரிதான். 'மூணு' அப்படியே இருக்கட்டும். தட்டச்சுப் பிழைங்கிற வரிய எடுத்துர்றேன். அட்டவணையில எண்பத்திரெண்டுக்கு நேரா 'திருவிழா நடைபெறவில்லை'ன்னு ஒண்ணு சேத்துர்றேன்" என்றார்.

"சொல்லிட்டாராடி? இனி வேன்காரக் கதையத் தவிர உம்மேல ஒரு கேஸும் இல்ல" என்று காதர் பீவி ஆனந்திக்காவின் முதுகில் தட்டிவிட்டுப் பசைச் சட்டிக்குத் திரும்பினார்.

நான் ஆனந்திக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆறாம் பாகத்தை மடியில் வைத்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"ஒண்ணு சொல்லவா பாப்பா? எதுக்குச் சொல்றேன்னும் தெரியல." குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பூட்டுப் போடுற எடம் இருக்குல்ல, இது முதல்ல குடுத்த தாளுல இல்ல. ரெண்டு நாள் கழிச்சு சார் தனியா ஒரு துண்டுல எழுதிக் கொண்டாந்து, இங்கன சேத்துருன்னு பின் அடிச்சுக் குடுத்தாக. கரண்டு போனதுனால ரெண்டு தடவ அடிச்சேன்னு சொன்னேன்ல. அது மட்டும் இல்ல. அந்தத் துண்டுக்காக அந்தப் பக்கத்தையே மறுபடி போட்டேன்."

நான் புரியாமல் பார்த்தேன்.

"அஞ்சாவதுல நான் நாலுக்கு மூணுன்னு அடிச்சு, புத்தகமும் வந்த பிறகு சார் பாத்திருந்தாகன்னா? என்கிட்ட கேக்காம, ஆறாவதுல ஒரு திருவிழாவ நிப்பாட்டிட்டாகன்னா?"

தெருவில் ஒரு மினி பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. பெரியப்பாவை எனக்குத் தெரியும். பிறர் தப்பைச் சொல்லிக்காட்டத் தெரியாத மனிதர். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்து எழுதுகிறவரும் அவர்தான். 2003இலேயே எல்லாவற்றையும் மனத்தில் வைத்து, 'மூணு' என்று எழுதிவிட்டு, காரணத்தை 2006க்குத் தள்ளிவைத்திருக்கவும் கூடும். தானே தப்பாக எழுதி, பிறகு சமாளித்திருக்கவும் கூடும். ஆனந்திக்கா சொன்னதையும் சேர்த்து மூன்றில் எதைச் சொன்னாலும் துண்டுகள் ஒரே மாதிரிதான் அடுக்கி நிற்கும். கதைக்குள் எது எப்போது நடந்தது என்று சொல்லிவிடலாம். அதை எழுதினபோது என்ன நடந்தது என்று சொல்ல ஒரு செல்வியும் அங்கே நிற்கவில்லை.

"ஒரு தடவகூட உங்ககிட்டச் சொல்லலையா?"

"ஏழாவது முடிஞ்சப்ப ஒண்ணு சொன்னாக. 'ஆனந்தி, உனக்காக நான் ஒரு ஊரயே அடிதடி போட வச்சிருக்கேன்'னாக. எல்லாரும் சிரிச்சோம். எதுக்குச் சொன்னாகன்னு நான் கேக்கல. இவுக எப்பவும் இப்படித்தான் ஏதாச்சும் பேசுவாகன்னு விட்டுட்டேன்."

தப்பு உங்களுடையது இல்லை என்று சொன்னால் அது தெரியாமல் சொல்வது. இருக்கலாம் என்று சொன்னாலும் தெரியாமல் சொல்வதுதான்.

காத்திருந்த குடும்பத்தில் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, பத்திரிகை..."

ஆனந்திக்கா புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார்.

"என்னைக்குக் கல்யாணம்?"

"ஆனி ஏழுங்க."

"கிழமையச் சொல்லுங்க முதல்ல."

நான் துண்டுகளைக் கலைக்காமல் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டேன். மேலே இருந்த வெற்றுத் துண்டை ஆனந்திக்கா இழுத்தார். அவர்கள் சொன்ன கிழமையைக் காலண்டரில் பார்த்து அதில் குறித்துக்கொள்ள. கையில் அகப்பட்டது பென்சில். ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு அதைக் காதில் செருகிக்கொண்டு பேனாவைத் தேடினார்.